பத்தியை ஒடித்தால் கவிதை ஆகுமா? ஒரு தையற்கடைப் பத்தியும் அதன் வரிகளும்

ஊசிநூல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு என் தந்தை காலமானார். அதைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதைப் புதுக்கவிதையாக மாற்ற வேண்டும் என்று மூன்று வாரங்களாக முயன்று வருகிறேன். பத்தி இதுதான்:

"என் தந்தை முப்பது ஆண்டுகள் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். அவர் இறந்த பத்தாம் நாள் கடையைக் காலி செய்யப் போனபோது, பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று மிஷினில் ஊசியடியிலேயே இருந்தது. மேசை இழுப்பறையில் அவருடைய அளவு நோட்டு கிடைத்தது. அதைப் புரட்டியபோது எனக்கு ஒன்பது வயதில் எடுத்த அளவு இருந்தது. பாவாடை நீளம் 22, இடுப்பு 23 என்று எழுதி, பக்கத்தில் 'வளரும் பிள்ளை, 2 உள்ளே விடு' என்று குறித்திருந்தார். அவர் என்மீது எவ்வளவு பாசம் வைத்திருந்தார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கண்ணீரை அடக்க முடியாமல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்."

நான் எழுதிய கவிதையின் தொடக்கம் இது:

என் தந்தை
முப்பது ஆண்டுகள்
எங்கள் ஊர்க் கடைத்தெருவில்
தையற்கடை வைத்திருந்தார்.
அவர் இறந்த பத்தாம் நாள்
கடையைக் காலி செய்யப் போனபோது
பாதி தைத்த
பள்ளிச் சீருடை ஒன்று
மிஷினில் ஊசியடியிலேயே
இருந்தது.

மீதியையும் இப்படியே ஒடித்திருக்கிறேன். படித்த தோழி ஒருத்தி, "பத்தியாகவே நன்றாக இருந்தது, இதில் எண்டர் தட்டியதைத் தவிர நீ வேறு என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு இரண்டு ஐயங்கள். வரியை எங்கே ஒடிப்பது என்பதற்கு ஏதேனும் முறை உண்டா? சீருடை, நோட்டு, அந்தக் குறிப்பு ஆகிய மூன்றில் எதை வைத்துக்கொண்டு எதை விடுவது?

மரபடியான்

உங்கள் தோழி சொன்னது முற்றிலும் சரி. யாப்பு இல்லாத இடத்தில் அடி என்ற ஒன்றே கிடையாது, எனவே அதை எங்கே ஒடிப்பது என்ற கேள்வியும் எழுவதில்லை. நம் முன்னோர் அடியைச் சீரால் அளந்தார்கள். பொருள் முடியும் இடத்தில் அடியும் முடிந்தது, காதுக்கும் கருத்துக்கும் பூசல் வரவில்லை. உங்கள் பத்தியை நாற்சீர் அடிகளாக ஆசிரியப்பாவில் அமைத்தால் ஐயமே இராது. இரண்டு அடி எழுதிக் காட்டுகிறேன்:

ஊசி அடியில் பாதிச் சீருடை
வாசல் பூட்டிய கடைக்குள் கிடந்தது

எதுகையும் வந்துவிட்டது, தளையும் பிழையில்லை. இப்போது எங்கே ஒடிப்பது என்று யாராவது கேட்பார்களா?

பின்னிரவு

நானும் இதே துன்பத்தைப் பட்டவன் என்பதால் சொல்கிறேன். துபாயிலிருந்து என் அண்ணன் அனுப்பிய கடைசி ஒலிநாடாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைக் கவிதையாக்கியபோது ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் வைத்தேன். ஒரு சொல் தனியே நின்றால் படிப்பவர் அதன்முன் நின்றுதான் ஆக வேண்டும், அதனால் கனம் கூடும் என்பது என் அனுபவம். உங்கள் குறிப்பையும் அப்படி எழுதிப் பாருங்கள்:

வளரும்
பிள்ளை
2
உள்ளே
விடு

ஒரு சிற்றிதழுக்கு என் கவிதையை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. காரணம் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் முறை சரியானது என்றே இன்றும் நம்புகிறேன்.

நெடுங்கணக்கு

மரபடியான் ஐயா எழுதிய இரண்டு அடிகளும் யாப்பின்படி குறையில்லாதவை, அலகிட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டாம் அடியின் முதற்சொல்லைக் கவனியுங்கள். ஊசிநூல் எழுதிய பத்தியில் வாசலே இல்லை, அவர் கடைக்குள் நின்றுகொண்டு இழுப்பறையைத் திறக்கிறார். 'ஊசி' எதுகை கேட்டதால் 'வாசல்' வந்தது, வாசல் வந்ததால் அது பூட்டப்பட்டது. இப்படி ஒலிக்காக வந்த பொருள் சில வேளைகளில் கவிஞருக்கே தெரியாத ஒன்றைக் கொடுத்துவிடும் என்பதையும் மறுக்க மாட்டேன். இங்கே அது கொடுக்கவில்லை.

பொருள் முடியும் இடத்தில்தான் மரபில் அடியும் முடிந்தது என்பது பாதி உண்மை. திருக்குறளின் முதற்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று முதலடி நிற்கிறது, 'பகவன்' அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. ஒரே தொடர் இரண்டு அடிகளில் பிளந்து கிடக்கிறது. சீர் பிரிக்கும்போது சொல்லே இரண்டாக உடைவதற்கு வகையுளி என்று பெயர் வைத்தவர்களும் நம் இலக்கணிகள்தாம். ஓலைச்சுவடியில் செய்யுளை வரி பிரிக்காமல் உரைநடை போலத் தொடர்ந்து எழுதினார்கள். அப்படி எழுதியும் அடி தொலைந்துபோகவில்லை, ஏனென்றால் தளையையும் எதுகையையும் கொண்டு படிப்பவர் அதை மீட்டுக்கொள்ள முடிந்தது. புதுக்கவிதையை அப்படித் தொடர்ந்து எழுதிவிட்டால் எந்த இலக்கணத்தாலும் வரியை மீட்க முடியாது. தாளில் தெரியும் அந்த ஒடிப்பு ஒன்றுதான் நமக்கு இருக்கிறது. அதனால் அது சும்மா இருக்கக் கூடாது.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. நீங்கள் ஒடித்த வரிகளை மீண்டும் சேர்த்துப் பத்தியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் ஒடிப்பு எந்த வேலையும் செய்யவில்லை என்று பொருள். நீங்கள் எழுதிய பத்து வரிகளில் ஒன்றுகூடக் குறையாது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் நாம் பேசும்போது இயல்பாக மூச்சு வாங்கும் இடத்திலேயே வெட்டியிருக்கிறீர்கள்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, பெயருக்கு முன்னால் அதன் அடை முழுவதும் வந்துவிடுகிறது. ஆகவே நம் வரி எங்கே நின்றாலும் படிப்பவர் எதற்கோ காத்திருக்கிறார். 'பாதி தைத்த' என்று நிறுத்தினால் ஒரு பெயருக்குக் காத்திருக்கிறார். ஆனால் தையற்கடையில் பாதி தைத்தது துணியாகத்தான் இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அடுத்த வரியில் 'சீருடை' வந்ததும், எதிர்பார்த்தவரே கதவைத் தட்டியது போலாகிவிடுகிறது. இதற்கு மாறாக,

ஒன்பது வயது
நான்

என்று எழுதிப் பாருங்கள். 'ஒன்பது வயது' என்றதும் படிப்பவர் ஏதோ ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையை நினைக்கிறார், வந்து நிற்பதோ எழுதியவரே. அந்த ஓர் ஒடிப்புக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. உங்கள் பத்தியில் வாக்கியங்கள் 'இருந்தது', 'கிடைத்தது', 'இருந்தது' என்றும், 'உணர்ந்தேன்', 'வந்தேன்' என்றும் முடிகின்றன. பத்தியில் இது காதில் விழாது. வரிகளாக ஒடித்ததும் 'து, து, தேன், தேன்' என்று நீங்கள் கேட்காத ஓர் இயைபு வரிக்கடையில் தட்டிக்கொண்டே இருக்கும். வினையை எடுத்துவிட்டு 'இழுப்பறையில் அளவு நோட்டு' என்று பெயரில் நிறுத்தினாலும் தமிழில் அது முழு வாக்கியம்தான்.

பின்னிரவு அவர்களுக்கு ஒரு சொல். ஐந்து சொற்களையும் தனித்தனியே நிறுத்தினால் ஐந்தும் ஒரே எடையாகிவிடும். 'பிள்ளை' என்ற சொல்லுக்கும் 'உள்ளே' என்ற சொல்லுக்கும் படிப்பவர் ஒரே அளவு நிற்கிறார், பிறகு எதற்கும் நிற்பதில்லை. ஒற்றைச் சொல் வரி ஒரு கவிதையில் ஓரிடத்தில் வந்தால்தான் அது தெரியும்.

திண்ணை வாசகி

இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். சீருடையை எடுத்துவிடுங்கள். பாதியில் நின்ற வேலை, ஆறிப்போன தேநீர், திறந்தபடி கிடக்கும் மூக்குக்கண்ணாடி எல்லாம் மரணத்தைப் பற்றி எழுதும்போது தாமாகவே கைக்கு வந்துவிடும் பொருள்கள். எனக்குத் தெரிந்து பத்துக் கவிதைகளிலாவது அவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் '2 உள்ளே விடு' என்பதை இதற்குமுன் எங்கும் படித்ததில்லை. அது உங்கள் தந்தை எழுதியது, நீங்கள் புனைந்தது அன்று.

'பாசம் வைத்திருந்தார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்' என்ற வரியும் போக வேண்டும். அந்தக் குறிப்பிலேயே பாசம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பாசம் என்று எழுதினால், புகைப்படத்துக்குக் கீழே 'இது புகைப்படம்' என்று எழுதியது போலாகிவிடும்.

அந்தக் குறிப்பை ஒடிக்கும்போது 'விடு' என்ற சொல்லைத் தனியே அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாமே என்றும் தோன்றுகிறது. துணியை உள்ளே விடு என்ற பொருளோடு, போகட்டும் விடு என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கும். இறந்தவரே மகளிடம் 'விடு' என்று சொல்வது போல இருக்கும்.

நெடுங்கணக்கு

சீருடையைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். 'விடு'வைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்தக் குறிப்பு ஓர் ஆவணம். நோட்டில் அது ஒரே வரியாகத்தான் இருந்திருக்கும். தையற்காரர் தமக்காக எழுதிக்கொண்ட கட்டளையை நாம் உடைத்து, அதிலிருந்து இன்னொரு பொருளை வரவழைத்தால், பேசுவது அவரா நாமா என்ற ஐயம் வந்துவிடுகிறது. மற்ற வரிகளை எப்படி வேண்டுமானாலும் ஒடியுங்கள், அவர் எழுதியதை அவர் எழுதியபடியே விட்டுவிடுங்கள். 'விடு' என்ற சொல்லின் இரண்டாம் பொருள் உண்மையிலேயே இருக்கிறது என்றால், ஒடிக்காமலேயே அது கேட்கும்.

கட்டிங் மாஸ்டர்

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். தையல் என்று தலைப்பைப் பார்த்ததால் உள்ளே வந்தேன். நான் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அளவு நோட்டில் '2 உள்ளே விடு' என்று இருந்தால் அது என்ன என்று நீங்கள் கேட்பதாக நினைத்து விளக்குகிறேன்.

வளரும் பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும்போது அடி மடிப்புக்கு மேலே சுற்றிலும் துணியை மடித்துத் தைத்து ஒரு டக் பிடிப்போம். டக் ஓர் அங்குல ஆழம் என்றால் துணி இரண்டு அங்குலம் உள்ளே போகும். மறு ஆண்டு பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தையலைப் பிரித்துவிட்டால் பாவாடை இரண்டு அங்குலம் இறங்கும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வீட்டிலேயே பிளேடால் பிரித்துவிடுவார்கள். ஒன்றுதான் சிக்கல். வெயிலிலும் சவுக்காரத்திலும் வெளித்துணி வெளுத்திருக்கும், உள்ளே இருந்த துணி வெளுத்திருக்காது. பிரித்ததும் அந்த இடம் மட்டும் புதுத்துணி நிறத்தில் பட்டையாகத் தெரியும். நீல நிறத்தில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். அதனால் நான் டக்குக்குப் பதிலாக அடி மடிப்பையே அகலமாக விட்டுத் தைக்கச் சொல்வேன், அதில் பட்டை பாவாடையின் விளிம்பில் போய்விடும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஊசிநூல்

மாஸ்டர் ஐயா, நான் அதைக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பட்டையை நான் முற்றிலும் மறந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பில் என் நீலப் பாவாடையில் முழங்காலுக்குக் கீழே கருநீலமாக ஒரு பட்டை இருந்தது. வகுப்பில் எல்லோருடைய பாவாடையிலும் இருந்தது. யாருக்கு எத்தனை பட்டை என்று எண்ணி, யார் எத்தனை ஆண்டுகளாக ஒரே பாவாடையை உடுத்துகிறார்கள் என்று கேலி செய்வோம். எனக்கு இரண்டு பட்டைகள் வந்தபோது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதேன்.

நேற்றிரவு எழுதியது இது:

பத்தாம் நாள்.
இழுப்பறையில்
அளவு நோட்டு.
யார் யாருடையதோ
தோள், மார்பு, கை.
நடுப்பக்கத்தில்
ஒன்பது வயது
நான்.
நீளம் 22. இடுப்பு 23.
வளரும் பிள்ளை, 2 உள்ளே விடு.

அம்மா பிரித்துவிட்ட
மடிப்பிருந்த இடத்தில் மட்டும்
வெளுக்காத நீலம்.

வழிப்போக்கர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் மேலே உள்ள எதையும் படிக்காமல் நேராக இந்தக் கடைசிக் கவிதையை மட்டும் படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாம் நாள் என்றால் எதிலிருந்து பத்தாம் நாள்? திருவிழாவா? அளவு நோட்டு என்றதும் நில அளவையோ என்று நினைத்தேன், 'தோள், மார்பு' வந்தபிறகுதான் தையல் என்று புரிந்தது. யாரோ இறந்திருக்கிறார்கள் என்பது மேலே போய்ப் பத்தியைப் படித்தபோதுதான் தெரிந்தது.

நெடுங்கணக்கு

வழிப்போக்கர் செய்த உதவி பெரிது. நாங்கள் எல்லோரும் பத்தியை முன்பே படித்துவிட்டோம், அதனால் கவிதையில் இல்லாததை எங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தோம். உரைநடையிலிருந்து கவிதைக்கு வருபவர்களுக்கு இது வழக்கமாக நேரும் விபத்து. முதலில் எல்லாவற்றையும் சொல்கிறார்கள், 'சொல்லாதே' என்றதும் படிப்பவருக்குக் கட்டாயம் தேவையானதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். பாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை, இறந்தது தந்தை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இத்தகைய செய்திகளைத் தலைப்பில் வைத்துவிடலாம். 'அப்பாவின் தையற்கடை' என்று தலைப்பிட்டால் யார், எங்கே என்ற இரண்டும் முதல் வரிக்கு முன்பே முடிந்துவிடும். 'பத்தாம் நாள்' என்பதை 'பத்தாம் நாள் காரியம் முடிந்து' என்று நீட்டினால் திருவிழாக் குழப்பமும் வராது. 'முப்பது ஆண்டுகள்' என்பதைச் சேர்க்க வேண்டியதில்லை, ஒன்பது வயதில் எடுத்த அளவு இன்னும் நோட்டில் இருக்கிறது என்பதே காலத்தைச் சொல்லிவிடுகிறது.

'நடுப்பக்கத்தில்' என்பதையும் மறுபடி பாருங்கள். அது உண்மையா, அழகுக்காக வந்ததா? பத்தியில் அப்படி இல்லை.

ஊசிநூல்

அழகுக்காக வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் அது கடைசியிலிருந்து சில பக்கங்களுக்கு முன்னால், முந்திய பக்கத்து மை ஊறிய தாளில் இருந்தது.

இன்னொரு ஐயமும் உண்டு. அளவுக்கு முன்னால் 'நோட்டைப் புரட்டினேன்' என்று ஒரு வரி சேர்க்க நினைக்கிறேன். 'நோட்டை' என்பதோடு வரியை நிறுத்தி 'புரட்டினேன்' என்பதை அடுத்த வரிக்குக் கொண்டுபோனால், அந்த 'ப்' என்ன ஆகும்? வரிக்கடையில் 'நோட்டைப்' என்று ஒற்றோடு நிறுத்துவது அறுந்த நூல் போலத் தொங்குகிறது. விட்டுவிட்டால் சந்திப் பிழை என்று யாராவது சொல்வார்கள்.

மரபடியான்

பிழைதான். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். இலக்கணத்துக்கு உங்கள் வரி தெரியாது, இரண்டு சொற்கள்தாம் தெரியும். இந்த ஓர் இடத்திலாவது விதியைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திண்ணை வாசகி

நான் ஒற்றை விட்டுவிடுவேன். சந்தி என்பது இரண்டு சொற்கள் சேர்ந்து ஒலிப்பதால் வருகிறது. நான் வேண்டுமென்றே அவற்றுக்கு நடுவில் ஒரு நிறுத்தம் வைக்கும்போது, அங்கே சேர்க்கையே இல்லையே. அச்சில் இரண்டு வகையாகவும் பார்த்திருக்கிறேன்.

நெடுங்கணக்கு

இதில் நான் எந்தப் பக்கமும் உறுதியாக நிற்பதில்லை. ஒரே கவிதைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. என் வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். வரிக்கடையில் ஒற்று உறுத்துகிறது என்றால் நான் ஒடிப்பைத்தான் முதலில் ஐயப்படுவேன். 'நோட்டை' என்பதற்கும் 'புரட்டினேன்' என்பதற்கும் நடுவில் நிறுத்துவதால் என்ன கிடைக்கிறது? நோட்டைப் புரட்டத்தான் செய்வார்கள்.

'ஐ' உருபையே எடுத்துவிட்டு 'நோட்டு புரட்டினேன்' என்று எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பொருள் மாறும். 'நோட்டைப் புரட்டினேன்' என்றால் அந்த ஒரு நோட்டு. 'நோட்டு புரட்டினேன்' என்றால் ஏதோ ஒரு நோட்டு, பொழுதுபோகாமல் செய்த செயல் போன்ற தொனி வந்துவிடும். சுருக்கம் என்று நினைத்து உருபுகளை உதிர்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உங்களுக்கு அந்த வரியே வேண்டாம் என்பது என் எண்ணம். அளவுகள் கண்முன் வந்துவிட்டால் புரட்டியது தானாகவே தெரியும்.

பின்னிரவு

எனக்கு வேறொரு மனத்தாங்கல் உண்டு. ஊசிநூல் அவர்களின் பத்தியில் அந்த நீலப்பட்டை இல்லை. அது மாஸ்டர் சொல்லித்தான் வந்தது. பத்தியைக் கவிதையாக மாற்றுவதாகத் தொடங்கிவிட்டுப் புதிய பொருளைச் சேர்ப்பது நேர்மையா? அப்படியானால் இது மாற்றம் ஆகாது, வேறொரு கவிதை.

ஊசிநூல்

பட்டை என்னுடைய பாவாடையில் இருந்தது. பத்தி எழுதியபோது நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

திண்ணை வாசகி

நேர்மையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. கவிதை எங்கே முடிகிறது என்பதுதான் என் கேள்வி. 'வளரும் பிள்ளை, 2 உள்ளே விடு' என்ற வரியிலேயே நிறுத்தியிருந்தால் நான் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருப்பேன். 'வெளுக்காத நீலம்' என்று முடியும்போது, அழகான ஓர் உருவகத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி எழுதியவரிடம் தெரிகிறது. 'வெளுக்காத' என்றதும் மறையாத அன்பு என்று நான் உடனே மொழிபெயர்த்துக்கொள்கிறேன். நாம் விரட்டிய பாசம் என்ற சொல் நீல நிறத்தில் திரும்பி வந்துவிட்டதோ என்று ஐயமாக இருக்கிறது.

நெடுங்கணக்கு

எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. குறிப்போடு நிறுத்தினால் அது தந்தையின் முன்னெச்சரிக்கையோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு அங்குலத்தை மகள் உடுத்தியிருந்தாள், அதற்காக வெட்கப்பட்டு அழுதும் இருக்கிறாள் என்பது பட்டை வந்தால்தான் கவிதைக்குள் வரும். குறை பட்டையில் இல்லை, 'வெளுக்காத' என்ற அடையில் இருக்கிறது. அந்த அடை முடிவைத் தானே சொல்லிவிடுகிறது. பட்டையை எண்ணிக் கேலி செய்தது இருக்கிறதே, அதைக் கொண்டுவந்தால் இந்த இனிப்பு முறியும். ஊசிநூல் தம் முந்திய பதிவில் போகிறபோக்கில் எழுதிய அந்த இரண்டு வாக்கியங்கள் கவிதையில் இருப்பவற்றைவிட வலியவை.

ஊசிநூல்

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஒற்று தொங்கும் இடம் எதுவும் வராதபடி எழுதியிருக்கிறேன், மரபடியான் ஐயாவும் திண்ணை வாசகியும் இதிலாவது ஒன்றுபடலாம்.

*அப்பாவின் தையற்கடை*

பத்தாம் நாள் காரியம் முடிந்து
இழுப்பறையில் அளவு நோட்டு.
யார் யாருடையதோ
தோள், மார்பு, கை.
மை ஊறிய தாளில் ஒன்பது வயது
நான்.
நீளம் 22. இடுப்பு 23.
வளரும் பிள்ளை, 2 உள்ளே விடு.

ஆண்டுக்கு ஒரு மடிப்பு
அம்மா பிளேடால் பிரிக்க,
வெளுத்த பாவாடையில்
புதுத்துணி நிறத்தில் பட்டை.
வகுப்பில் எண்ணினார்கள்.
எனக்கு இரண்டு.

மரபடியான்

'இழுப்பறையில் அளவு நோட்டு' என்ற வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஓசை இருக்கிறது. 'எண்ணினார்கள்', 'எனக்கு' என்று கடைசி இரண்டு வரிகளில் எகரம் தொடர்ந்து வருகிறது. அறியாமல் வந்ததா, அறிந்து வைத்ததா என்று தெரியவில்லை. என் கொள்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் என் 'வாசலை' மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திண்ணை வாசகி

'எனக்கு இரண்டு' என்பது நோட்டில் உள்ள 2 என்ற எண்ணோடு போய்ச் சேர்கிறது. நன்றாக இருக்கிறது. இருந்தாலும் முதல் பகுதியோடு நிறுத்தியிருக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். 'ஒன்பது வயது' என்பதை 'மை ஊறிய தாளில்' என்பதோடு ஒரே வரியில் சேர்த்ததால் 'நான்' வரும்போது முன்பிருந்த திடுக்கிடல் சற்றுக் குறைந்துவிட்டதையும் சொல்ல வேண்டும்.

நெடுங்கணக்கு

அது எனக்கும் பட்டது. வரி நீண்டதும் கண் விரைவாக ஓடிவிடுகிறது. 'மை ஊறிய தாளில்' என்பதைத் தனி வரியாக்கிப் பாருங்கள். ஆனால் அப்போது தொடர்ந்து மூன்று குறுவரிகள் வந்து, நாம் எங்கே தொடங்கினோமோ அந்த ஒடிப்புக்கே திரும்பிவிடும் அச்சமும் இருக்கிறது. நான் இரண்டு முறையும் எழுதிப் பார்த்தேன், முடிவு செய்ய இயலவில்லை.

கட்டிங் மாஸ்டர்

கவிதை எனக்குத் தெரியாது, பாவாடை தெரியும். டக்கைப் பிரித்த பிறகு பட்டை மட்டும் தெரியாது, பட்டையின் மேலும் கீழும் ஊசித்துளைகள் இரண்டு வரிசையாக நிற்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் பழைய துணியில் அவை எளிதில் மூடிக்கொள்ளா. விரலால் தடவினால் தெரியும். அதை ஏன் யாரும் எழுதவில்லை?